கை மதமதப்புக்கு நரம்பு டெஸ்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நரம்பியல் பரிசோதனைக் கூடம் ஒன்றில் டெக்னீஷியனாக இருக்கிறேன். டாக்டர் சீட்டில் "என்.சி.எஸ்.", அதாவது நரம்பு கடத்தல் சோதனை, என்று எழுதிக் கொடுத்ததும் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளையும், ரிப்போர்ட் வாங்கிய பிறகு கேட்கும் கேள்விகளையும் இங்கே எழுதியிருக்கிறேன். எங்களிடம் வருகிறவர்களில் நிறையப் பேருக்கு ஒரே குறைதான். ராத்திரி தூக்கத்தில் கை மரத்துப்போய் விழிப்பு வருகிறது, எழுந்து உதறினால் சரியாகிறது. அதனால் அந்தக் கையை வைத்தே சொல்லிக்கொண்டு போகிறேன். கால் எரிச்சல், கால் மதமதப்பு பற்றிப் பின்னால் வருகிறது.

"ஸ்கேன் எடுத்தாலே தெரியாதா? எதற்குக் கரண்ட் வைத்துப் பார்க்கணும்?"

ஸ்கேனில் நரம்பின் உருவம் தெரியும். அதன் வழியே சேதி ஒழுங்காகப் போகிறதா என்பது தெரியாது. இந்தச் சோதனையில் நரம்பின் ஓர் இடத்தில் சின்னதாக ஒரு மின்துடிப்பைக் கொடுத்து, அது இன்னோர் இடத்துக்கு எத்தனை நேரத்தில், எவ்வளவு பலத்தோடு வந்து சேர்கிறது என்று அளக்கிறோம். எந்த இடத்தில் தாமதமாகிறதோ, அங்கேதான் கோளாறு.

கை மதமதப்புக்கு இது ஏன் அவ்வளவு தேவை என்றால், அதே மதமதப்பு மூன்று நான்கு இடங்களிலிருந்து வரலாம். கழுத்தில் நரம்பின் வேர் நசுங்கினாலும் வரும், முழங்கையில் அழுந்தினாலும் வரும், மணிக்கட்டில் அழுந்தினாலும் வரும். இவற்றில் அதிகம் பார்ப்பது மணிக்கட்டுதான். உள்ளங்கை தொடங்கும் இடத்தில், எலும்புகள் தரையாகவும் கெட்டியான பட்டை ஒன்று கூரையாகவும் அமைந்த குறுகலான குகை இருக்கிறது. அதற்குள் விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் மீடியன் என்ற ஒரு நரம்பும் நெருக்கிக்கொண்டு போகின்றன. தசைநாண்களைச் சுற்றிய சவ்வு வீங்கினால் முதலில் நசுங்குவது அந்த நரம்புதான். இதைத்தான் கார்பல் டனல் என்கிறார்கள்.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ரிப்போர்ட் படிக்கும்போது தேவைப்படும். மீடியன் நரம்பு கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவற்றுக்குப் போகிறது. சுண்டுவிரலுக்கும் மோதிர விரலின் மறு பாதிக்கும் போவது அல்னார் நரம்பு. அது அந்தக் குகைக்குள் நுழைவதில்லை, வெளியே போகிறது.

"ஷாக் அடிக்கும் என்கிறார்களே, தாங்க முடியுமா?"

ரப்பர் பேண்டை இழுத்துத் தோலில் சுண்டிவிட்டால் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கும். சில இடங்களில் அதைவிடக் கொஞ்சம் பலமாகவும் இருக்கும். வலிக்கவே வலிக்காது என்று சொல்லி உட்காரவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. முதல் துடிப்பிலேயே நம்பிக்கை போய்விடும், அப்புறம் கை முழுக்க இறுகிக்கொள்ளும். ஒவ்வொரு துடிப்பும் ஒரு நொடியை ஐயாயிரம், பத்தாயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு அளவு நேரம்தான் இருக்கும். அதனால் தோல் சுடாது, நரம்பும் கெடாது. துடிப்பு நின்றதும் உணர்வும் போய்விடும்.

எல்லாரும் கேட்பது, "இவ்வளவு போதாதா, ஏன் கூட்டிக்கொண்டே போகிறீர்கள்?" என்று. நரம்பு என்பது ஆயிரக்கணக்கான இழைகள் சேர்ந்த கற்றை. கரண்ட் குறைவாக இருந்தால் பாதி இழைகள்தான் விழிக்கும். திரையில் அலை சின்னதாக வரும். அதை அப்படியே பதிந்துவிட்டால், நல்ல நரம்பும் பாதி செத்த நரம்புபோலத் தெரியும். அதனால் அலை இனி வளராது என்கிற வரைக்கும் கூட்டி, அதற்கும் மேலே கொஞ்சம் கூட்டிப் பதிகிறோம். இரக்கப்பட்டுப் பாதியில் நிறுத்தினால் இல்லாத நோயை எழுதிக் கொடுத்ததாகிவிடும். நடுவில் ஓய்வு வேண்டுமென்றால் தாராளமாகக் கேளுங்கள். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்.

"உள்ளே போனதும் என்னென்ன செய்வீர்கள்?"

கையை நீட்டிப் படுக்கச் சொல்வோம். தோலைத் துடைத்து, கட்டைவிரலுக்குக் கீழே மேடாக இருக்கும் சதையில் ஒரு ஸ்டிக்கரும், அந்த விரலின் மூட்டருகே இன்னொன்றும் ஒட்டுவோம். புறங்கையில் எர்த்துக்காக ஒன்று. பிறகு இரண்டு முனை உள்ள கருவியை மணிக்கட்டில் வைத்துத் துடிப்பைக் கொடுத்தால், நீங்கள் அசைக்காமலே கட்டைவிரல் துள்ளும். முதல் முறை பார்ப்பவர்கள் அதிசயமாகப் பார்ப்பார்கள். அதே ஸ்டிக்கர்கள் அப்படியே இருக்க, முழங்கை மடிப்பில் ஒரு துடிப்பு. இரண்டு இடங்களுக்கும் நடுவே உள்ள தூரத்தை டேப் வைத்து அளந்து, நேர வித்தியாசத்தால் வகுத்தால் வேகம் கிடைத்துவிடும். இது அசைவு நரம்புக்கு.

உணர்ச்சி நரம்புக்கு விரலில் மோதிரம்போல இரண்டு கம்பிச் சுருள்களை மாட்டுவோம். இங்கே வரும் அலை மிகச் சின்னது. தசையின் அலையை மில்லிவோல்ட்டில் அளக்கிறோம் என்றால் இதை மைக்ரோவோல்ட்டில், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு அலகில் அளக்கிறோம். கை இறுகி இருந்தாலோ, பக்கத்தில் போன் இருந்தாலோ அலை கலங்கிவிடும். "கையைத் தளர விடுங்கள்" என்று நாங்கள் பத்து முறை சொல்வது அதனால்தான்.

டேப் பிடிப்பதில் நாங்கள் காட்டும் கண்டிப்பைச் சிலர் வேடிக்கையாகப் பார்ப்பார்கள். 13 சென்டிமீட்டரை 12 என்று அளந்துவிட்டால், நொடிக்கு 55 மீட்டர் வேகம் உள்ள நரம்பு 51 என்று வந்துவிடும். அதுவே ஒருவரை எல்லைக்கோட்டுக்கு இழுத்துவிடப் போதும்.

இரண்டு கைகளுக்கும் சேர்த்து அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும்.

"வெறும் வயிற்றில் வரணுமா? மாத்திரையை நிறுத்தணுமா?"

வேண்டாம். சாப்பிட்டுவிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு வாருங்கள். அன்றைக்குக் கை காலில் தேங்காய் எண்ணெயோ க்ரீமோ தடவாதீர்கள், ஸ்டிக்கர் பிடிக்காது. வளையல், மோதிரம், வாட்சைக் கழற்ற வேண்டியிருக்கும். மோதிரம் வராது என்றால் முன்பே சொல்லுங்கள்.

நெஞ்சில் பேஸ்மேக்கரோ அதுபோன்ற வேறு கருவியோ இருந்தால் சீட்டு எழுதும் டாக்டரிடமும் எங்களிடமும் கட்டாயம் சொல்லவேண்டும். வழக்கமான பேஸ்மேக்கர் இருப்பவர்களுக்கும் இந்தச் சோதனையை முன்னெச்சரிக்கையோடு செய்கிறார்கள். கருவிக்குப் பக்கத்தில் துடிப்பு கொடுக்கமாட்டோம், அவ்வளவுதான். கர்ப்பிணிகளுக்கும் செய்யலாம். கர்ப்ப காலத்தில் நீர் கோத்துக் கார்பல் டனல் வருவது சகஜம்.

"கையைச் சுடுதண்ணீரில் வைக்கச் சொன்னார்கள். எதற்கு?"

இந்தச் சோதனையில் மிகச் சுலபமாக நடக்கும் தவறு இதுதான். குளிர்ந்த நரம்பு மெதுவாகத்தான் ஓடும். தோலின் சூடு ஒரு டிகிரி குறைந்தால் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 2 மீட்டர் குறையும். ஒருமுறை, ஏ.சி. பஸ்ஸில் இரண்டு மணி நேரம் வந்த ஓர் அம்மாவுக்கு அவசர அவசரமாக ஆரம்பித்தேன். சுண்டுவிரல் நரம்புகூட 46 என்று வந்தது. சுண்டுவிரலில் அவருக்கு எந்தக் குறையும் இல்லை. சந்தேகப்பட்டுத் தொட்டுப் பார்த்தால் கை சில்லென்று இருந்தது. அளந்தால் 28 டிகிரி. வெந்நீரில் கால் மணி நேரம் வைத்து, 33 டிகிரிக்கு வந்த பிறகு பார்த்தேன். 55 வந்தது. அன்றிலிருந்து தொட்டுப் பார்க்காமல் நான் ஆரம்பிப்பதில்லை.

கை 32 டிகிரிக்கும், கால் 30 டிகிரிக்கும் குறையாமல் இருக்கவேண்டும். உங்கள் ரிப்போர்ட்டில் வெப்பநிலை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாமல் இருந்து, எல்லா நரம்புகளும் ஒரே மாதிரி கொஞ்சம் கொஞ்சம் மெதுவாக இருந்தால், கை குளிர்ந்திருந்ததா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. குளிரில் ஒரு விசித்திரமும் உண்டு. வேகம் குறையும், ஆனால் அலையின் உயரம் கூடும். நோயில் அப்படி நடப்பதில்லை. அதை வைத்தும் கண்டுபிடித்துவிடலாம்.

"ரிப்போர்ட்டில் ஒரே எண்ணாக இருக்கிறது. எதைப் பார்ப்பது?"

லேட்டன்சி, ஆம்ப்ளிட்யூட், வெலாசிட்டி என்று மூன்று வரிசைகள் இருக்கும். லேட்டன்சி என்பது வந்து சேர எடுத்த நேரம், மில்லி வினாடியில். ஆம்ப்ளிட்யூட் என்பது அலையின் உயரம். வெலாசிட்டி என்பது வேகம், நொடிக்கு இத்தனை மீட்டர் என்று.

நரம்பிழை என்பது உறை போட்ட வயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே மயலின் என்ற உறை, உள்ளே கம்பி. உறை நைந்தால் சேதி மெதுவாகும், நேரம் கூடும், வேகம் குறையும். கம்பியே அறுந்தால் வந்து சேரும் இழைகளின் எண்ணிக்கை குறையும், அதனால் அலையின் உயரம் குறையும். மிச்சம் இருக்கிற இழைகள் நல்ல வேகத்தோடே ஓடிக்கொண்டிருக்கலாம். ஆகவே "வேகம் நார்மல்தானே" என்று உயரத்தைப் பார்க்காமல் விடக் கூடாது. பொதுவாக உறை நைந்தது சீக்கிரம் தேறும், கம்பி அறுந்தது தேற மாதக்கணக்கில் ஆகும். எண்ணில் டாக்டர் முதலில் தேடுவது இந்த வித்தியாசத்தைத்தான்.

ஓர் உதாரணத்தை முழுசாகப் பார்ப்போம். 46 வயதுப் பெண், நாள் முழுக்கத் தையல் வேலை. வலது கை ராத்திரி மரத்துப்போகிறது, இப்போது ஊசியில் நூல் கோக்கும்போது நழுவுகிறது. கை சூடு 33 டிகிரி.

வலது ஆள்காட்டி விரலிலிருந்து மணிக்கட்டுவரை 13 சென்டிமீட்டர். சேதி வர 3.6 மில்லி வினாடி ஆனது. 130-ஐ 3.6-ஆல் வகுத்தால் வேகம் 36. இங்கே 50-க்குக் குறையாமல் இருக்கவேண்டும். உயரம் 11 மைக்ரோவோல்ட், அதுவும் குறைவு. அதே கையில் சுண்டுவிரலிலிருந்து 11 சென்டிமீட்டர், 2.0 மில்லி வினாடி, வேகம் 55. ஆக, கை குளிரவில்லை, சர்க்கரை மாதிரி எல்லா நரம்பையும் தொடும் வியாதியும் இங்கே தெரியவில்லை. குகைக்கு வெளியே போகிற நரம்பு நன்றாக இருக்கிறது, உள்ளே போகிறதுதான் திணறுகிறது.

அடுத்து அசைவு நரம்பு. மணிக்கட்டில் துடிப்பு கொடுத்ததிலிருந்து கட்டைவிரல் சதை துள்ள 5.1 மில்லி வினாடி. பல கூடங்களில் 4.2 அல்லது 4.4 வரை சரி என்பார்கள். இது தாமதம். முழங்கையிலிருந்து கொடுத்தபோது 9.1. நடுவே 22 சென்டிமீட்டர், வித்தியாசம் 4.0, அப்படியானால் முன்கையில் வேகம் 55. அதாவது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் வண்டி நல்ல வேகத்தில் வருகிறது, மணிக்கட்டைத் தாண்டும்போதுதான் நெரிசல். தசை அலையின் உயரம் 7.8 மில்லிவோல்ட். இது நல்ல அளவு, 4-க்குக் குறைந்தால்தான் கவலை. கட்டைவிரல் சதைக்குப் போகும் கம்பிகள் பெரிதாக அறுபடவில்லை.

இடது கையில் குறையே சொல்லவில்லை. அங்கேயும் ஆள்காட்டி விரலுக்கு 2.9 மில்லி வினாடி ஆனது, வேகம் 45. அசைவு நேரம் 3.9, சரியாக இருக்கிறது. இப்படித்தான் பெரும்பாலும் வரும். ஒரு கை சொல்லும்போது மறு கையிலும் ஆரம்பித்திருக்கும்.

"அப்போது மைல்ட், மாடரேட், சிவியர் என்று எழுதுவது?"

உணர்ச்சி நரம்பு மட்டும் மெதுவானால் மைல்ட். அசைவு நரம்பும் தாமதமானால் மாடரேட். உணர்ச்சி அலை வராமலே போய், தசை அலையும் சுருங்கினால் சிவியர். மேலே சொன்னவருக்கு வலது மாடரேட், இடது மைல்ட். கூடத்துக்குக் கூடம் வார்த்தை கொஞ்சம் மாறும்.

ஆனால் இந்த வார்த்தை வலியின் அளவு அல்ல. மைல்ட் என்று வந்தவர் ராத்திரி தூங்க முடியாமல் தவிப்பார். சிவியர் என்று வந்த வயதானவர், இழைகள் போய்விட்டதால் மதமதப்பே குறைந்து, "இப்போது பரவாயில்லை" என்பார். இரண்டாமவரை நினைத்துத்தான் எனக்கு அதிகக் கவலை. கட்டைவிரலுக்குக் கீழே உள்ள சதைமேடு வற்றிப் பள்ளமாகியிருக்கிறதா என்று உங்கள் இரண்டு கைகளையும் சேர்த்து வைத்துப் பாருங்கள்.

"ரிப்போர்ட் நார்மல். ஆனால் மதமதப்பு இருக்கிறதே, எல்லாம் மனப்பிரமையா?"

இல்லை. இந்தச் சோதனை பார்ப்பது பருமனான, வேகமாக ஓடும் இழைகளை மட்டும்தான். சூடு, குளிர், எரிச்சலைச் சொல்லும் மெல்லிய இழைகளின் சேதி இதில் பதிவாகாது. உள்ளங்கால் தீயாக எரியும் சர்க்கரை நோயாளிக்கு, ஆரம்பத்தில் எல்லாம் நார்மல் என்று வருவது இதனால்தான்.

இரண்டாவது, கழுத்து டிஸ்க். உணர்ச்சி இழைக்கு உயிர் கொடுக்கும் செல், தண்டுவடத்துக்கு வெளியே, முதுகெலும்புத் துளையின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது. டிஸ்க் பெரும்பாலும் அதற்கும் தண்டுவடத்துக்கும் நடுவில் உள்ள வேரை நசுக்குகிறது. செல்லிலிருந்து விரல்வரை உள்ள இழை உயிரோடு இருப்பதால், நாங்கள் அளக்கும் இடத்தில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். விரல் மதமதப்பு உண்மை, எங்கள் எண்ணும் உண்மை. கழுத்து வலி கைக்கு இறங்குகிறவர்களுக்கு உணர்ச்சி அலை நன்றாக இருப்பதே, கோளாறு மேலே இருக்கலாம் என்பதற்கு ஒரு துப்பு.

மூன்றாவது, ஆரம்ப நிலைக் கார்பல் டனல். அதற்காகவே நுணுக்கமான ஒப்பீடு ஒன்று உண்டு. உள்ளங்கையில் மீடியனையும் அல்னாரையும் தலா 8 சென்டிமீட்டர் தூரத்தில் அளந்து, வந்து சேரும் நேரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். 0.4 மில்லி வினாடி வித்தியாசம் இருந்தாலே சந்தேகம். மோதிர விரலுக்கு இரண்டு நரம்புகளும் போவதால் அதிலும் இப்படிப் பார்க்கலாம். உங்கள் ரிப்போர்ட்டில் இந்த ஒப்பீடு இல்லாமல் "நார்மல்" என்று மட்டும் இருந்தால், செய்தார்களா என்று கேளுங்கள். அதிலும் நார்மலாக வருகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு டாக்டர் அறிகுறியை வைத்தே மணிக்கட்டுப் பட்டை போடச் சொல்வார்.

"எனக்குக் கால்தான் மதமதக்கிறது. சர்க்கரை 12 வருஷமாக இருக்கிறது."

சர்க்கரையில் நீளமான நரம்பு முதலில் கெடும். அதனால் பாதத்தில் ஆரம்பித்து, இரண்டு காலிலும் ஒரே மாதிரி மேலே ஏறும், பிறகுதான் விரல்நுனிக்கு வரும். நாங்கள் முதலில் பார்ப்பது கணுக்காலின் வெளிப்பக்கம் பின்னால் ஓடும் சூரல் என்ற உணர்ச்சி நரம்பை. இரண்டு காலிலும் அதன் அலை சுருங்கி, கையில் நன்றாக இருந்தால் சர்க்கரை போன்ற பொதுக் காரணம் என்று தோன்றும். ஒரு காலில் மட்டும் இருந்தால் நினைப்பு இடுப்பு டிஸ்க் பக்கமோ, முழங்காலுக்கு வெளியே நரம்பு அழுந்துவதன் பக்கமோ போகும். காலில் 40-க்கு மேல் வேகம் இருந்தால் போதும், கையோடு ஒப்பிட்டுப் பயப்படாதீர்கள்.

70 வயதுக்கு மேல் சூரல் அலை வராமல் போவது ஆரோக்கியமானவர்களிடமும் உண்டு. கால் வீங்கியிருந்தாலும் அலை சிறிதாகும், நீர் நடுவே நிற்பதால். வீக்கம் இருந்தால் டெக்னீஷியனிடம் சொல்லுங்கள்.

"ஊசி போட்டும் பார்ப்பார்களாமே?"

அது இ.எம்.ஜி., வேறு சோதனை. மருந்தில்லாத மெல்லிய ஊசியைத் தசையில் வைத்து அதன் மின்சத்தத்தைக் கேட்பார் டாக்டர். கழுத்து, இடுப்பு வேர் சந்தேகத்துக்கு அது தேவைப்படும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதற்கு முன் சொல்லவேண்டும்.

"நேற்றுதான் கை அடிபட்டது. உடனே எடுத்துவிடலாமா?"

அவசரப்பட்டால் ஏமாற்றும். நரம்பு அறுந்தாலும், அறுந்த இடத்துக்குக் கீழே உள்ள துண்டு சில நாட்கள் சேதி கடத்திக்கொண்டுதான் இருக்கும். அசைவு அலை மறைய ஒரு வாரம் வரை ஆகும், உணர்ச்சி அலை மறையப் பத்து நாளுக்கு மேல் ஆகும். ஊசிச் சோதனையில் அடையாளம் தெரிய மூன்று வாரம் ஆகும். வெட்டுக்காயத்தோடு விரல் மடங்கவில்லை, உணர்ச்சி இல்லை என்றால் இந்தச் சோதனைக்குக் காத்திருக்காமல் அன்றே அறுவை சிகிச்சை டாக்டரைப் பாருங்கள்.

அதேபோல, சில நாட்களுக்குள் இரண்டு கால்களும் பலவீனமாகி மேலே ஏறுகிறது, படி ஏற முடியவில்லை, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் என்றால் எங்களிடம் தேதி வாங்கக் காத்திருக்காதீர்கள். நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

"ஆபரேஷன் முடிந்தது. மறுபடியும் எடுக்கணுமா?"

மதமதப்பு போய்விட்டால் பெரும்பாலும் தேவையில்லை. போகாவிட்டாலோ திரும்ப வந்தாலோ டாக்டர் எழுதுவார். அப்போது பழைய ரிப்போர்ட்டை மறக்காமல் கொண்டுவாருங்கள். நன்றாகத் தேறியவர்களுக்கும் எண்கள் பழைய நார்மலுக்கு முழுசாக வராமல் நிற்பது உண்டு. பழைய எண் கையில் இல்லாவிட்டால், 5.1-லிருந்து 4.5-க்கு இறங்கிய கையைக்கூட "இன்னும் கோளாறு இருக்கிறது" என்றுதான் எழுத வேண்டியிருக்கும்.